மலைக்கு வேலைக்குப் போகும் தாய்க்கு: தாய்ப்பாலோடு பால்மாவும் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் மிட்வைஃபாகப் பல வருடங்கள் லயம் லயமாக நடந்தவள் நான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு திரும்பவும் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் என்னிடம் கேட்டதையும், அவர்களுக்கு நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். பால்மா என்று நான் சொல்வது டின்னில் விற்கும் குழந்தைப் பால்மாவை.

மிஸ், பால்மா கொடுக்கத் தொடங்கினால் என் பால் வற்றிப் போயிடுமா?

பால்மாவால் பால் வற்றாது. மார்பில் இருந்து பால் வெளியே வராமல் தங்கினால்தான் வற்றும். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்று போல இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மார்பு நிரம்பி அப்படியே நின்றால், "இவ்வளவு தேவையில்லை" என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை குறைவாகச் சுரக்கும். காலியானால் சுரப்பு வேகமாகும். இந்தக் கணக்கு ஒவ்வொரு மார்பிலும் தனித்தனியாக நடப்பதால்தான், ஒரு பக்கமே கொடுத்துப் பழகிய தாய்க்கு மறுபக்கம் சிறுத்துப் போகிறது.

குழந்தை வயிற்றுக்குள் பால்மா போவதால் உங்கள் மார்புக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் குழந்தை உறிஞ்சவில்லை என்பதுதான் தெரியும். அதனால் பால்மா கொடுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் என்னிடம் ஒரே கேள்விதான் உண்டு: அந்த வேளைப் பாலை மார்பில் இருந்து யார் எடுத்தது? குழந்தை எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கை எடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் சில நாட்களில் பால் குறையத் தொடங்கும்.

எனக்குப் பால்மா கட்டாயம் தேவையா, இல்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்றுதான் கிளினிக்கில் சொல்வோம். வேலைக்குப் போனாலும் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் எல்லோருக்கும் முடிவதில்லை. முடியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மார்பு மெதுவாகிவிட்டது, பிள்ளை சாயந்தரமானால் விடாமல் குடிக்கிறது, அழுகிறது என்பதெல்லாம் பால் குறைந்ததற்கு அடையாளம் அல்ல. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மார்பு இறுகாமல் இருப்பது இயல்பு. சரியாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 24 மணித்தியாலத்தில் ஆறு தடவையாவது வெளிர் நிறமாகச் சிறுநீர் போகிறதா என்பது. மற்றது எடை. முதல் மூன்று மாதத்தில் வாரத்துக்கு 150 முதல் 200 கிறாம் வரை கூடினால் நல்லது. கிளினிக் புத்தகத்தில் உள்ள கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் டின் வாங்க அவசரப்பட வேண்டாம். கோடு படுத்துவிட்டது என்றால் நீங்களாகப் பால்மா தொடங்காமல் முதலில் மிட்வைஃபைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பல தடவை குழந்தையை மார்பில் வைக்கும் விதத்தைத் திருத்தினாலே போதுமாகிவிடும்.

மகப்பேற்று லீவு முடியப் போகிறது. காலையில் விட்டால் சாயந்தரம்தான் பிள்ளையைப் பார்ப்பேன். நாள் முழுக்கப் பால்மாதானே கொடுக்க வேண்டும்?

இல்லை. நேரத்தை எழுதிப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

மகப்பேற்று நன்மைச் சட்டப்படி 12 வாரம் லீவு. அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்பு. அதனால் பெரும்பாலும் பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆகும்போது பெரட்டுக்குப் போக வேண்டி வரும். அந்த வயதில் பிள்ளை 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 150 மில்லிலீற்றர் என்ற கணக்கில் நாளைக்குச் சுமார் 750 மில்லிலீற்றர் குடிக்கும். அதாவது நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர்.

விடியற்காலை 5 மணிக்குப் படுக்கையிலேயே ஒரு தடவை கொடுங்கள். ஏழு மணி போலப் பிள்ளைமடுவத்தில் விடுவதற்கு முன் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு தடவை. பத்து மணிக்குப் பாலூட்டும் இடைவேளையில் வந்து ஒரு தடவை. பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்து, போகும் முன் ஒரு தடவை. இனி சாயந்தரம் நாலரைக்கு வேலை முடியும் வரை நடுவில் இருப்பது மூன்றரை, நாலு மணித்தியாலம்தான். அந்த ஒரு இடைவெளிக்கு 90 முதல் 120 மில்லிலீற்றர் போதும். மலை தூரமாக இருந்து பத்து மணிக்கு வர முடியாவிட்டால் காலையிலும் அதே அளவு ஒரு தடவை. ஆக நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு வேளைதான் பால்மா. மற்ற எல்லா வேளையும் உங்கள் மார்புதான்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைமடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கொழுந்து குறைந்து அரைப்பேர் ஆகி, அரை நாள் சம்பளம்தான் கிடைக்கும் என்ற பயத்தில் இதைக் கேட்காமலே விட்ட தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயம் நியாயமானதுதான். ஆனாலும் வேலைக்குத் திரும்பும் முதல் நாளே கங்காணியிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் பேசி, பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்து மலையில் போடச் சொல்லிக் கேளுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கு அதுவே பெரிய உதவி.

எந்த நேரத்துப் பாலை விட்டால் பரவாயில்லை, எதை விடவே கூடாது?

விடக்கூடாதது இரவுப் பால். பாலைச் சுரக்கவைக்கும் ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். நாள் முழுக்க மலையில் நின்றவள் தூங்கட்டும் என்று வீட்டில் உள்ளவர்கள் இரவில் போத்தல் கொடுப்பார்கள். அன்பில் செய்வதுதான், ஆனால் பாலை முதலில் குறைப்பது அதுதான். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை இரவில் கூடுதலாக எழுந்து குடிக்கும். பகலில் விட்டதை அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் படுக்கவைத்துக் கொடுங்கள். கட்டில் விளிம்பும் கனத்த கம்பளியும் பிள்ளைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அடுத்து, வேலை முடிந்து வந்ததும் கொடுக்கும் பால். இதில்தான் பலருக்குத் தவறிப் போகிறது. கீழே ஒரு தாயின் கதையில் அதைச் சொல்கிறேன்.

முதலில் மார்பா, முதலில் பால்மாவா?

நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது எப்போதும் முதலில் மார்பு, இரண்டு பக்கமும். அதன் பிறகும் பசி இருந்தால் மட்டும் பால்மா. மாற்றிச் செய்தால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும்.

நீங்கள் இல்லாத நேரத்தில் பிழிந்து வைத்த பாலை முதலில் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு பால்மா. இரண்டையும் ஒரே கோப்பையில் கலந்தால், மீதியைக் கொட்டும்போது உங்கள் பாலும் சேர்ந்து போய்விடும்.

எனக்குப் பால் வற்றியே போச்சு, பிள்ளை மார்பைப் பிடிக்கவே மாட்டேங்குது. இனித் திரும்பி வருமா?

பெரும்பாலும் வரும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் பார்த்த ஒரு தாயின் கணக்கையே சொல்கிறேன்.

பிள்ளைக்கு மூன்று மாதம். வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. காலை ஒன்பதுக்கு 120, பன்னிரண்டுக்கு 120, மூன்றரைக்கு 120 என்று பிள்ளைமடுவத்தில் போத்தல். இந்தத் தாய் நாலரைக்குக் கொழுந்து நிறுத்து, லயத்துக்கு வரும்போது பிள்ளை நிறைந்த வயிற்றோடு தூங்கும். பிறகு சமையல், தண்ணீர், மூத்த பிள்ளையின் பாடம். ஏழு மணிக்குப் பிள்ளை எழுந்தால், "நீ வேலையைப் பாரு" என்று மாமியார் இன்னொரு 120. ஆக நாலு போத்தல், 480 மில்லிலீற்றர். மார்பில் குடித்தது இரவில் ஒன்று, விடியலில் இரண்டு. 24 மணித்தியாலத்தில் மூன்றே தடவை. பகலில் ஒன்பது மணித்தியாலம் மார்பு இறுகிக் கிடந்து, மூன்றாவது வாரம் இறுகுவதும் நின்றுபோனது. அதைத்தான் வற்றிவிட்டது என்று சொன்னார்.

முதல் நான்கு நாள் பால்மாவில் ஒரு சொட்டுக்கூடக் குறைக்கவில்லை. பிள்ளை பசியில் கிடக்கக் கூடாது. மார்பில் இருந்து எடுக்கும் தடவையைத்தான் கூட்டினோம். பகல் சாப்பாட்டுக்கு வந்து கொடுத்தார். படுக்கும் முன் ஒன்று, நடு இரவில் எழுப்பி ஒன்று. பிள்ளை சரியாகக் குடிக்காத வேளைகளில் கையால் பிழிந்தார். மூன்று தடவை எட்டு ஆனது.

இரண்டாவதாக, மூன்றரை மணிப் போத்தலை இரண்டு மணிக்கு மாற்றச் சொல்லி ஆயாவிடம் கேட்டோம். அளவு அதேதான், நேரம் மட்டும் மாறியது. நாலேமுக்காலுக்குத் தாய் வரும்போது பிள்ளை பசியோடு காத்திருந்தது. கை, மார்பு கழுவி, சேலை மாற்றியதும் முதல் வேலை பால் கொடுப்பது. அடுப்பை மாமியார் பார்த்துக்கொண்டார். நான் அந்த மாமியாரிடம் சொன்னதும் இதுதான்: அம்மா, போத்தலை விட்டுட்டு நீங்க சோத்தைப் பாருங்க, அதுதான் இப்போ மருமகளுக்கு உதவி.

அதன் பிறகு மாலைப் போத்தல் நின்றது. மார்பு இரண்டு பக்கமும் கொடுத்த பின் பசித்தால் கோப்பையில் 60. மற்றப் போத்தல்களில் மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை, ஒரு வேளைக்கு 30 மில்லிலீற்றராகக் குறைத்தோம். ஒவ்வொரு வாரமும் நிறுத்துப் பார்த்தேன். எடை கூடாவிட்டால் குறைப்பதை அங்கேயே நிறுத்துவது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். முதல் வாரம் 130 கிறாம் கூடியது, அடுத்த வாரம் 160. ஐந்தாவது வாரம் நின்ற இடம்: காலை ஒன்பதரைக்கு 90, பகல் இரண்டுக்கு 90. மற்றதெல்லாம் தாய்ப்பால். அதற்குக் கீழே குறைக்க அந்தத் தாயால் முடியவில்லை, தேவையும் இருக்கவில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு திரும்பி வராது. தைராய்ட் பிரச்சினை, மார்பில் ஆபரேஷன், பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு போன்றவை இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மிஷின் இல்லை. கையால் பிழிந்தால் பால் வருமா?

வரும், பழகினால் நன்றாகவே வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்கவைத்து எடுத்த அகலமான கோப்பை ஒன்று வேண்டும். கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயுமாக, காம்பிலிருந்து ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்துங்கள், பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின் மேல் வழுக்கித் தேய்க்க வேண்டாம், காம்பை இழுக்கவும் வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் எதுவும் வராது. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பால் வேகம் குறைந்ததும் மறுபக்கம், பிறகு திரும்பவும் முதல் பக்கம். எல்லாம் 20, 30 நிமிடத்தில் முடியும். முதல் நாட்களில் 20, 30 மில்லிலீற்றர்தான் வரும். பிழிவதில் வருவதை வைத்து மார்பில் உள்ள பாலை அளக்காதீர்கள், குழந்தையின் வாய் இதைவிட நன்றாக எடுக்கும்.

பிழிந்த பாலை மூடி, அடுப்பில் இருந்து தள்ளி, வீட்டில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். 25 பாகைக்குக் கீழே உள்ள அறையில் நாலு மணித்தியாலம் வரை இருக்கும். நம் ஊர்க் குளிரில் இது ஒரு வசதி. காலை ஆறுக்குப் பிழிந்ததைப் பத்து மணிக்குள் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள்.

வேலை நேரத்தில் மார்பு கல் போல ஆகிவிட்டால் வலி போகும் அளவுக்காவது பிழிந்து விடுங்கள். கட்டி, சிவப்பு, காய்ச்சல் என்று வந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

மழையில் நனைந்து வந்தால் பிள்ளைக்குக் குளிர்ப்பால் ஆகாதென்று அம்மா சொல்கிறாங்க. காலையில் இருந்து தேங்கின பாலையும் பிழிந்து கொட்டச் சொல்கிறாங்க.

பால் உடம்புக்குள் உடம்புச் சூட்டிலேயே இருக்கிறது. மழையும் வெயிலும் அதைத் தொடாது. மார்பில் இருக்கும் பால் கெடுவதுமில்லை. கொட்டுகிற பால்தான் பிள்ளைக்குப் போக வேண்டிய முதல் பால். ஈர உடுப்பை மாற்றி, கையையும் மார்பையும் கழுவித் துடைத்துவிட்டுக் கொடுங்கள். செடிக்கு மருந்து அடித்த மலையில் வேலை என்றால் இது கட்டாயம்.

சூப்பிப் போத்தலா, கோப்பையா?

என்னைக் கேட்டால் கோப்பை. போத்தலில் இழுக்காமலே பால் கொட்டும், மார்பில் பிள்ளை உழைத்து இழுக்க வேண்டும். எளிதானதைப் பழகிய பிள்ளை மார்பில் கோபப்படும். இன்னொன்று, சூப்பியின் சந்துகளைச் சுத்தம் செய்வதைவிட எவர்சில்வர் கோப்பையைக் கழுவிக் கொதிக்கவைப்பது லயத்தில் நடக்கிற காரியம். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, கோப்பை விளிம்பைக் கீழ் உதட்டில் தொடவைத்துச் சரித்துப் பிடியுங்கள். பிள்ளை தானே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக் கூடாது.

பிள்ளைமடுவத்தில் போத்தல்தான் முடியும் என்றால், மெதுவாகச் சொட்டும் சூப்பி வாங்குங்கள். பிள்ளையை நிமிர்த்தி, போத்தலைக் கிடையாகப் பிடித்து, நடுநடுவே எடுத்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பால்மாவை எப்படிக் கரைப்பது? டின் விலையாக இருக்கிறதே, கொஞ்சம் தண்ணியாகக் கரைக்கலாமா?

தண்ணியாகக் கரைக்கவே வேண்டாம். பிள்ளை எடை கூடாது, இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்புக்கூட வரலாம். கெட்டியாகக் கரைப்பதும் ஆபத்து. தேநீருக்குப் போடும் பால்மாவும் டின்பாலும் ஒரு வயதுக்குள் குழந்தைப் பால்மாவுக்குப் பதிலாகாது. காசு போதவில்லை என்றால் வேளையைக் குறைத்து மார்பைக் கூட்டும் வழிக்கு மிட்வைஃபோடு பேசுங்கள்.

பால்மாத் தூள் கிருமி இல்லாத பொருள் அல்ல. அதைக் கொல்ல தண்ணீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நன்றாகத் தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கி அரை மணித்தியாலத்துக்குள் கரைக்கவும் என்பது ஒரு லீற்றர் தண்ணீருக்கான கணக்கு. நுவரெலியா போன்ற உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், குளிரில் சீக்கிரம் ஆறியும் விடும். ஒரு கோப்பைத் தண்ணீர்தான் என்றால் அரை மணித்தியாலம் காத்திருக்காமல் சில நிமிடத்திலேயே கரையுங்கள், அல்லது கொதித்ததும் நல்ல பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு டின்னில் உள்ள கரண்டியால் தலைதட்டிய அளவு தூள். பெரும்பாலான டின்களில் 30 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி, ஆனால் உங்கள் டின்னில் எழுதியிருப்பதையே பின்பற்றுங்கள். கரைத்த பின் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். கரைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். குடித்த மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

காலையில் கரைத்துப் பிள்ளைமடுவத்துக்குக் கொடுத்தனுப்புவது சரியில்லை. பிளாஸ்க்கில் சுடுதண்ணீரும், சிறு டப்பாவில் அளந்த தூளும் தனித்தனியாகக் கொடுங்கள். ஆயா அந்த நேரத்தில் கரைக்கட்டும்.

குடும்பக்கட்டுப்பாடு குளிசை குடிக்கலாமா?

ஈஸ்ட்ரஜன் சேர்ந்த குளிசை பாலைக் குறைக்கும். முதல் ஆறு மாதத்துக்கு அது வேண்டாம். லூப், கைக்குள் வைக்கும் குச்சி போன்றவை இருக்கின்றன. பால் கொடுக்கிறேன் என்று கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். திடீரென்று பால் குறைந்த சிலரிடம் விசாரித்தால், கடையில் வாங்கிய குளிசைதான் காரணமாக இருந்திருக்கிறது.

எப்போது பயந்து உடனே போக வேண்டும்?

சிறுநீர் ஆறு தடவைக்குக் குறைந்தால், பாலுக்குக்கூட எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், காய்ச்சல், விடாத வாந்தி, தண்ணீர் போல வயிற்றோட்டம் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். பெரட்டு முடியட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள்.

ஆறு மாதம் ஆனதும் எதை முதலில் நிறுத்துவது?

சோறு, பருப்பு, மரக்கறி மசித்துக் கொடுக்கத் தொடங்கியதும், பிள்ளை நன்றாகச் சாப்பிடப் பழகப் பழக பால்மா வேளையைத்தான் குறைக்க வேண்டும், தாய்ப்பாலை அல்ல. பகல் இரண்டு மணிப் பால்மா இருந்த இடத்துக்கு மெல்ல மெல்ல மசித்த சாப்பாடு வரட்டும், அளவை மிட்வைஃபோடு பேசி எடை பார்த்துக் குறையுங்கள். விடியற்காலைப் பாலும், வேலை முடிந்து வந்ததும் கொடுக்கும் பாலும், இரவுப் பாலும் அப்படியே இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் போகலாம்.